‘அப்போது எனக்குத் தெரியாது…’: நினைவுகளை எழுதும்போது பின்புத்தியை வெளியே நிறுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நினைவுக் கட்டுரைகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. நான் அதிகமாக அடித்துவிடும் வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: ‘அப்போது எனக்குத் தெரியாது’. அதன் உடன்பிறப்புகளும் உண்டு. ‘கனவிலும் நினைக்கவில்லை’, ‘விதி வேறு கணக்குப் போட்டிருந்தது’, ‘பிறகுதான் புரிந்தது’. அடித்த பிறகு எழுதியவர்கள் திரும்பிக் கேட்கும் கேள்விகள் இவை.

“‘அதுதான் எங்கள் கடைசிச் சந்திப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது’ என்று எழுதியிருந்தேன். உண்மைதானே அது? ஏன் அடித்தீர்கள்?”

உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்வது யார் என்று பாருங்கள். அதற்கு முந்தைய வரிவரை உங்கள் நண்பர் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார், நீங்கள் கதவைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தீர்கள், நானும் உங்கள் பக்கத்தில் நின்றிருந்தேன். இந்த வரியில் அந்த வாசலே காணாமல் போய்விட்டது. பல வருடம் கழித்து மேசை முன்னால் உட்கார்ந்து எழுதுகிற ஒருவர் என் தோளைத் தட்டி, “இதைக் கவனிச்சுக்குங்க, இது முக்கியம்” என்கிறார். நண்பர் சொன்ன கடைசிச் சொல் என்ன, செருப்பு வார் அறுந்திருந்ததா என்பதெல்லாம் எனக்குப் பொருட்டில்லாமல் போய்விடுகிறது. இனி சாவுச் செய்தி எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

நினைவெழுத்தில் எப்போதும் இரண்டு ‘நான்’ இருக்கிறார்கள். அன்றைய நான், இன்றைய நான். அன்றையவருக்குத் தெரிந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில்தான் அன்றைய நாள் முழுவதும் அடங்கியிருந்தது. இன்றையவர் அதற்குள் எட்டிப்பார்த்து விடை சொல்லும்போது அன்றையவர் அசட்டுத்தனமாகத் தெரிகிறார். அவர் அசடு இல்லை. அவருக்குக் கிடைத்த தகவலுக்கு அவர் சரியாகத்தான் நடந்துகொண்டார்.

இன்னொன்றும் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வாக்கியத்தைப் பெரும்பாலும் பயத்தில்தான் எழுதுகிறோம். ‘செருப்பு மாட்டுவதை எழுதினால் யார் படிப்பார்கள்’ என்ற பயம். அதனால் காட்சியின் கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிடுகிறோம்.

“வாசகருக்கு சஸ்பென்ஸ் வேண்டாமா? இனி ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்தால்தானே ஆர்வமாகப் படிப்பார்?”

சஸ்பென்ஸ் பற்றி இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன வெடிகுண்டு உதாரணம் பலருக்குத் தெரிந்திருக்கும். இருவர் மேசையில் அமர்ந்து சாதாரணமாகப் பேசுகிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடித்தால் பார்வையாளருக்கு 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதையும் அது எப்போது வெடிக்கும் என்பதையும் முன்பே காட்டிவிட்டால், அதே வெட்டிப்பேச்சு 15 நிமிடம் அவரைப் பதறவைக்கும்.

‘அப்போது தெரியாது’ என்று எழுதுகிறவர்கள் தாங்களும் இதைத்தான் செய்வதாக நினைக்கிறார்கள். செய்வதில்லை. ஹிட்ச்காக் குண்டைக் காட்டுகிறார். நீங்கள் மேசைக்கடியில் ‘ஏதோ’ இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அது என்ன என்பதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறீர்கள். வாசகருக்குப் பதறவும் முடியாது, பேச்சை ரசிக்கவும் முடியாது. குண்டைக் காட்டுவதென்றால் முழுதாகக் காட்டுங்கள். இல்லையென்றால் அது இருப்பதையே சொல்லாதீர்கள். நடுவில் நிற்பதுதான் சிக்கல்.

இந்தப் பழக்கத்துக்குத் தொடர்கதைகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அடுத்த இதழை வாங்கவைக்க அத்தியாயக் கடைசியில் ஒரு கொக்கி வேண்டும். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மேரி ராபர்ட்ஸ் ரைன்ஹார்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதை மர்மக்கதைகளில் அவ்வளவு பயன்படுத்தினார். அந்த வகைக் கதைகளுக்கே ‘முன்பே தெரிந்திருந்தால்’ என்று கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் நினைவுக் கட்டுரைக்கு அடுத்த இதழ் கிடையாது. அடுத்த பத்திதான்.

“வெறுமனே அடித்துவிட்டால் பத்தி மொட்டையாக நிற்கிறது. அந்த இடத்தில் என்ன எழுதுவது? ஒரு பத்தியை எடுத்துத் திருத்திக் காட்ட முடியுமா?”

என்னுடைய பழைய கட்டுரையையே எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களுடையதை எடுத்தால் சண்டை வரும். எனக்குப் பதினோரு வயதில் அப்பாவுக்கு வேலை போனது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் தினமும் காலையில் அலுவலகம் போவதுபோலக் கிளம்பிப் போய்வந்தார். நான் முதலில் எழுதியது இது:

> அப்பாவின் சாப்பாட்டு டப்பாவைக் கழுவுவது என் வேலை. அந்த வாரம் டப்பா கழுவியே திரும்பி வந்தது. பாவம், எனக்கென்ன தெரியும்! எங்கள் வாழ்க்கையே புரண்டுவிட்டதை அறியாமல் நான் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு வாக்கியங்கள் அன்றைய நாளுக்குச் சொந்தம். அடுத்த இரண்டும் பின்புத்தி. அடித்தேன். நீங்கள் சொல்வதுபோல மொட்டையாகத்தான் நின்றது. ஏன் என்றால், நான் அடித்த வாக்கியம் ஒரு பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தது. ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதுகிற இடத்திலெல்லாம் ஒரு கேள்வியைத் தாண்டிப்போயிருக்கிறோம்: சரி, தெரியாது. அப்படியென்றால் அன்று என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?

மனசு வெற்றிடமாக இருப்பதில்லை. உண்மையான காரணம் தெரியாதபோது வேறொரு காரணத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறது. கழுவிய டப்பாவைப் பார்த்து நானும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம், டப்பா மூடியில் எண்ணெய் போகவே மாட்டேன் என்கிறது என்று அப்பாவிடம் அழுதிருந்தேன். ஆகவே அப்பா எனக்காகக் கழுவிக்கொண்டு வருகிறார் என்று நம்பினேன். தப்பான முடிவுதான், ஆனால் நியாயமான முடிவு.

அடுத்த கேள்வி: அப்படி நினைத்ததால் அன்று என்ன செய்தேன்? அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். இந்த இரண்டு பதில்களும் கிடைத்ததும் பத்தி இப்படி ஆனது:

> அப்பாவின் சாப்பாட்டு டப்பாவைக் கழுவுவது என் வேலை. மூடியின் ரப்பர் வளையத்துக்குள் எண்ணெய் ஏறிக்கொள்ளும். கரண்டிக் காம்பால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். போன வாரம் அதைச் சொல்லி அப்பாவிடம் அழுதிருந்தேன். திங்கட்கிழமை டப்பா கழுவி வந்தது. செவ்வாயும். வளையத்தின் உள்பக்கம்கூடச் சுத்தம். புதன்கிழமை நான் திறந்தே பார்க்கவில்லை. வாங்கி அப்படியே அலமாரியில் கவிழ்த்தேன். அண்ணன் இன்னமும் துணி மடித்துக்கொண்டிருந்தான். “கேக்கத் தெரியணும்டா” என்றேன்.

‘தெரியாது’ என்ற சொல்லே இல்லை. தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. வாசகர் பெரியவர், நாள்முழுக்க அலுவலகத்தில் இருக்கிற மனிதருக்கு ரப்பர் வளையம்வரை கழுவ நேரம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே உறுத்தும். அந்த உறுத்தலை நான் சொல்லிவிட்டால் அது அவருடையதாக இருக்காது.

“அப்படியானால் உண்மை எப்போது வெளியே வரும்?”

உங்களுக்கு அன்று எப்போது வந்ததோ அப்போது. முக்கியமாக, எவ்வளவு வந்ததோ அவ்வளவு மட்டும். இதில் நானே ஒருமுறை வழுக்கினேன். ஒரு நாள் பள்ளி மதியமே விட்டுவிட்டது. வரும் வழியில் நூலகத்துக்குப் பின்னால் இருந்த குழாயடியில் அப்பாவைப் பார்த்தேன். குனிந்து நின்று, ரப்பர் வளையத்தைத் தனியே கழற்றி நகத்தால் வழித்துக்கொண்டிருந்தார். முதல் வரைவில் இந்த இடத்தில் ‘அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று அந்தக் கணத்தில் புரிந்தது’ என்று எழுதியிருந்தேன்.

புரியவில்லை. பதினோரு வயதில் எனக்குப் புரிந்தது, அப்பா அலுவலகத்தில் இல்லை என்பதும், நான் பார்த்தது அவருக்குத் தெரியக் கூடாது என்பதும்தான். ஒரு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்று சாயங்காலம் அப்பா டப்பாவை நீட்டியபோது வாங்கி, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை மறுபடி கழுவினேன். ‘வேலை போயிடுச்சு’ என்ற வார்த்தைகள் அதற்கும் பல நாள் கழித்து, அடுத்த அறையில் அம்மா அழுதபோது காதில் விழுந்தன.

அறிவு தவணை முறையில்தான் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே ‘அந்தக் கணத்தில்’ கட்டிமுடிப்பதும் பின்புத்திதான். ‘அப்போது தெரியாது’ என்பதன் தலைகீழ் வடிவம். அடுத்த தவணை வரும்வரை கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிற அந்த இடைவெளியில், என் கட்டுரையின் நல்ல பகுதி கிடைத்தது. இரண்டாம் முறை டப்பா கழுவியதைச் சொல்கிறேன்.

“நீங்கள் சொன்ன சொற்றொடர் எதுவும் என் கட்டுரையில் இல்லை. ஆனாலும் ‘முடிவு முன்பே தெரிந்துவிட்டது’ என்கிறார்கள். எங்கே ஒளிந்திருக்கும்?”

பெரும்பாலும் பெயர்களிலும் அடைமொழிகளிலும். ‘என் வருங்கால மனைவி அறைக்குள் வந்தார்’ என்று எழுதினால், வந்தவர் மனைவியாகிவிட்டார், கதை முடிந்தது. அன்று அறைக்குள் வந்தது ‘ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற ஒரு பெண்’. தமிழில் பெயரெச்சம் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும். ‘வேலையிழந்த அப்பா காலையில் கிளம்பினார்’ என்ற வாக்கியத்தில் கிளம்பியதுதான் செய்தி; வேலையிழந்தது அடைமொழியாக நுழைந்துவிட்டதால் எழுதியவர் கண்ணிலேயே படாது.

அடுத்து, எண்ணிக்கை. ‘அந்த மூன்று வாரங்களும்’ என்று தொடங்குகிற வாக்கியத்தை எழுத, மூன்று வாரத்தில் அது முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போது அது வாரக்கணக்கே இல்லை. திங்கள், செவ்வாய், புதன். ‘முதல் முறை’, ‘கடைசி முறை’ இரண்டும் இதே குடும்பம். முதன்முதலாகத் தண்ணீரில் இறங்குகிறவருக்கு அது முதல் முறை என்று தெரியும், எழுதலாம். ஆனால் ஒருவர் முதல் முறையாகப் பொய் சொல்கிறார் என்பது, இரண்டாவது மூன்றாவது பொய்கள் பிடிபட்ட பிறகு போடுகிற எண்.

வினைமுற்றிலும் ஒரு பொறி உண்டு. ‘அப்பா அன்றைக்கே முடிவு செய்திருந்திருக்கிறார்’ என்று படித்துப்பாருங்கள். அந்த இரட்டை ‘இருந்திருக்கிறார்’ எதைச் சொல்கிறது? நான் பார்க்கவில்லை, பிறகு தெரிந்ததை வைத்துக் கூட்டிப்பார்க்கிறேன் என்கிறது. பேச்சில் அருமையான வடிவம் அது. பல மொழிகள் நாலு வார்த்தையில் சொல்வதை நாம் ஒரு விகுதியில் சொல்லிவிடுகிறோம். காட்சியின் நடுவில் வந்தால் மட்டும் அது இன்றைய மேசையின் சத்தம். ‘கேட்டிருக்கலாம்’, ‘தடுத்திருக்கலாம்’ என்ற வருத்தங்களும் அப்படியே.

“ஆனால் எனக்கு அன்றே ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றியது நிஜம். அதை எழுதலாம்தானே?”

தோன்றியிருந்தால் தாராளமாக எழுதலாம். ஆனால் தோன்றியதா என்று இரண்டு முறை யோசித்துவிட்டு எழுதுங்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போனார். பயணத்துக்கு முன்பு பாரூக் ஃபிஷ்ஷாஃப், ரூத் பெய்த் என்ற இரு உளவியலாளர்கள், இன்னின்ன விஷயங்கள் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பயணம் முடிந்த பிறகு, முன்பு நீங்கள் என்ன மதிப்பீடு கொடுத்தீர்கள் என்று அதே ஆட்களிடம் கேட்டார்கள். நடந்துவிட்டதாக அவர்கள் நம்பியவற்றுக்கு, தாங்கள் முன்பு கொடுத்ததைவிடக் கூடுதல் மதிப்பீடு கொடுத்ததாகப் பலருக்கு ஞாபகம் இருந்தது. 1975இல் வெளியான ஆய்வு இது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நடந்த விஷயம் பழைய ஞாபகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

ஆகவே ‘என்னவோ போலிருந்தது’, ‘மனசு ஏனோ அடித்துக்கொண்டது’ என்று எழுத வரும்போது நான் ஒரு சோதனை வைத்துக்கொள்கிறேன். அந்த உணர்வுக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? யாரிடமாவது சொன்னேனா, திரும்பிப் பார்த்தேனா, தொலைபேசியை எடுத்தேனா? ஒட்டியிருந்தால் அந்தச் செயலை எழுதிவிடுவேன், ‘ஏனோ’ தேவைப்படாது. வெறும் கலக்கம் மட்டும் தனியாக மிதந்தால் பின்னால் வந்து சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம், விட்டுவிடுவேன். இது கறாரான சோதனை இல்லை. செயலே இல்லாமல் உண்மையாகவே பயந்தவர்களும் உண்டு. அவர்கள்கூட, எதைப் பார்த்துப் பயந்தார்கள் என்று சொல்ல முடியும்.

“நிகழ்காலத்தில் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார்களே?”

தீராது. ‘அப்பா கிளம்புகிறார். டப்பாவை எடுத்துக்கொள்கிறார். ஒன்றும் அறியாத நான் கையசைக்கிறேன்.’ காலம் மாறியும் பின்புத்தி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. தெரிந்ததின் எல்லைதான் கேள்வி, வினையின் காலம் அல்ல. இறந்தகாலத்திலேயே சுத்தமாக எழுத முடியும்.

“முடிவைச் சொல்லாமல் வைத்திருந்தால் வாசகருக்குப் புரியாமல் போகாதா? என் கதையில் முடிவு தெரியாவிட்டால் நடுப்பகுதிக்கு அர்த்தமே இல்லை.”

சில கதைகள் அப்படித்தான். அவற்றில் முடிவை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுங்கள்: ‘வேலை போனதை அப்பா எங்களிடம் சொல்லாமல், தினமும் டப்பாவோடு கிளம்பிப்போனார்.’ இது பின்புத்தி வாக்கியம்தானே என்று கேட்பீர்கள். இல்லை. இதில் கண்சிமிட்டல் கிடையாது. இன்றைய நான் தனக்குத் தெரிந்ததை நேராகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதன்பிறகு கழுவிய டப்பாவைக் காட்டினால் போதும், ‘பாவம் எனக்குத் தெரியாது’ என்று சேர்க்கவேண்டிய அவசியமே வராது. இது ஹிட்ச்காக்கின் குண்டு.

இரண்டில் எது என்று தேர்ந்துகொள்ள ஒரு வழி: உங்கள் கதையின் கேள்வி ‘என்ன நடந்தது’ என்பதா, ‘எப்படித் தாங்கினோம்’ என்பதா? இரண்டாவது என்றால் முடிவை முன்னால் வைப்பதில் நட்டமே இல்லை.

“அப்படியென்றால் இன்றைய நான் வாயே திறக்கக் கூடாதா?”

திறக்கலாம். ஒளிந்திருந்து பேசக் கூடாது, அவ்வளவுதான். பத்தியை உடைத்து, ஒரு வரி இடம் விட்டு, ‘இன்று அப்பாவின் வயதில் இருக்கிறேன், எதற்காகச் சொல்லாமல் இருந்தார் என்பதை விட, எப்படிச் சொல்லாமல் இருக்க முடிந்தது என்றே யோசிக்கிறேன்’ என்று எழுதுங்கள். அது சிந்தனை, வாசகர் உங்களோடு இன்றைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். காட்சிக்கு நடுவில் பாதி வாக்கியத்தில் தலையை நீட்டுவதுதான் தொந்தரவு.

வாய்மொழியாகச் சொல்லும்போது இந்த விதியெல்லாம் வேண்டாம். “அப்ப எனக்குத் தெரியலை பாத்துக்க” என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தினால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். குரலும் முகமும் கூட இருக்கின்றன. அந்த வாக்கியம் அங்கே ஒரு கைச்சைகை. காகிதத்தில் சைகை உதிர்ந்துவிடுகிறது.

“எழுதி முடித்த கட்டுரையில் இவற்றை எப்படித் தேடிப் பிடிப்பது?”

கணினியில் இருந்தால் முதலில் சில சொற்களைத் தேடுங்கள்: ‘தெரியாது’, ‘அறியாமல்’, ‘பிறகுதான்’, ‘கடைசி’, ‘திருந்திருக்’, ‘ஏனோ’, ‘விதி’. வெளிப்படையானவை இதில் மாட்டிவிடும். மற்றவற்றுக்கு அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும், அதில் இருக்கிற தகவல் எனக்கு எப்போது கிடைத்தது என்று பென்சிலால் குறியுங்கள். ‘அன்றே’, ‘அந்த வாரம்’, ‘அம்மா சொல்லி’, ‘இப்போது’. நாலு பக்கக் கட்டுரைக்கு அரைமணி ஆகும், அலுப்பான வேலை. காட்சிக்குள் நிற்கிற வாக்கியத்துக்குப் பக்கத்தில் ‘அம்மா சொல்லி’ என்று வந்தால், ஒன்று அதை எடுக்க வேண்டும், அல்லது அம்மா சொன்ன இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

என் கட்டுரையில் இப்படித் தேடி உள்ளே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் படித்துவிட்டுத் தலைப்பைக் காட்டினான். ‘அந்த மூன்று வாரங்கள்’ என்று வைத்திருந்தேன். இப்போது அதன் தலைப்பு ‘ரப்பர் வளையம்’.